சனி 12.15 என்றால் எந்த ராத்திரி? மிட்நைட் ஷோவுக்கு டிக்கெட் எடுக்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள்

சிங்கப்பூரில் வார இறுதி மிட்நைட் ஷோவுக்கு வெளிச் செயலி வழியாக டிக்கெட் எடுப்பவர்கள் கொஞ்சம் நிதானமாக இருங்கள். எங்கள் வீட்டில் நான்கு பேருக்கான டிக்கெட் காசு போனது. எம்ஆர்டி ஓடாத நேரம் என்பதால், மீட்டருக்கு மேல் பாதி சேர்த்துக் கொடுத்து டாக்ஸியில் திரும்பியது தனிக்கணக்கு.

மச்சானுக்குச் சனிக்கிழமை மாலை ஷிஃப்ட். அதனால் சனி ராத்திரி கடைசி ஷோ என்று முடிவு செய்தோம். தியேட்டரின் சொந்தத் தளத்தில் சனிக்கிழமையைத் தொட்டால் பகல் 1.30, மாலை 5, இரவு 8.40, கடைசியாக 12.15 என்று வந்தது. சனி ராத்திரி போய் உட்கார்ந்து, ஞாயிறு அதிகாலையில் வெளியே வரும் ஷோ அது. ஆனால் டிக்கெட் வாங்கியது தள்ளுபடி கொடுத்த ஒரு செயலியில். அங்கேயும் சனிக்கிழமைக்குக் கீழே அதே தியேட்டர், அதே படம், அதே 12.15. வந்த டிக்கெட்டில் Sat 12:15 AM என்று இருந்தது.

சனி ராத்திரி வாசலில் கியூஆர் கோடைக் காட்டினால் சிவப்பு விழுகிறது. அங்கே வேலையில் இருந்த நம்ம பையன் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினான். “அண்ணே, இது நேத்து ராத்திரி ஷோ. முடிஞ்சு போச்சு.” பின்னால் நின்றவர்கள் எங்களைத் தாண்டி, நாங்கள் பார்க்க வந்த 12.15க்கு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

விஷயம் இதுதான். தியேட்டருக்கு நள்ளிரவில் நாள் மாறுவதில்லை. கடைசி ஷோ முடிந்து, விளக்குப் போட்டு, கல்லாக் கணக்கு முடிக்கும்வரை அது வெள்ளிக்கிழமைதான். நம் பஞ்சாங்கத்திலும் சூரியன் உதித்தால்தானே கிழமை மாறும்! ஜப்பானில் இந்தக் குழப்பமே வேண்டாம் என்று 24:15, 25:00 என்றுகூட எழுதுவார்கள். எங்கள் செயலியோ கடிகாரத்தின்படி போகிறது. தியேட்டர் தன் வெள்ளிக்கிழமைப் பட்டியலின் கடைசியில் வைத்திருக்கும் 12.15ஐ எடுத்து, நள்ளிரவு தாண்டிவிட்டதே என்று சனிக்கிழமைக்குக் கீழே போடுகிறது. ஆக, ‘சனி 12.15’ என்று தியேட்டர் தளம் சொல்வதற்கும் செயலி சொல்வதற்கும் நடுவில் ஒரு முழு நாள் இடைவெளி.

எது எந்த முறை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 12.15 பட்டியலின் அடியில், இரவு ஷோவுக்குப் பிறகு வந்தால் அநேகமாகத் தியேட்டர் கணக்கு. உச்சியில், பகல் ஷோவுக்கு முன்னால் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். ஆனால் இடத்தை மட்டும் நம்பவும் முடியாது. தியேட்டர் கணக்கில் போட்டுவிட்டு, நேரத்தை மட்டும் எண்வாரியாக அடுக்கும் தளமும் இருக்கலாம்.

அதைவிட நல்ல வழி, பக்கத்து நாட்களைத் திறந்து பார்ப்பது. இங்கே மிட்நைட் ஷோ பெரும்பாலும் வெள்ளி, சனி இரவுகளிலும் பொது விடுமுறைக்கு முந்தின இரவிலும்தான். வெள்ளியிலும் சனியிலும் 12.15 இருந்து ஞாயிறில் இல்லை என்றால், அது தியேட்டர் கணக்கு. சனியிலும் ஞாயிறிலும் இருந்து வெள்ளியில் இல்லை என்றால், கடிகாரக் கணக்கு. அங்கே ‘சனி’ என்பது வெள்ளி ராத்திரி. தீபாவளி மாதிரி சமயத்தில் தொடர்ந்து பல நாள் மிட்நைட் ஷோ ஓடினால் இந்தச் சோதனை கைகொடுக்காது.

பணம் கேட்டுப் போனால் தியேட்டர், “விற்றவர்களிடம் கேளுங்கள்” என்றது. செயலிக்காரர்கள், “தேதியும் நேரமும் சரியாகத்தான் காட்டப்பட்டன, ஷோ முடிந்தபின் பணம் திரும்பாது” என்று எழுதிவிட்டார்கள். கடிகாரப்படி சரிதான், யார் இல்லை என்றது? ‘வெள்ளி இரவு, சனி அதிகாலை’ என்று ஒரு வரி போட்டால் எவருக்கும் குழப்பம் வராது. அதைப் போடாமல் விற்றுவிட்டு, ஷோ முடிந்தபின் விதி பேசுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இந்த வாரத்துக்கு ஏற்கெனவே டிக்கெட் எடுத்துவிட்டீர்களா? தியேட்டரின் சொந்தத் தளத்துக்குப் போய், வெள்ளியின் 12.15, சனியின் 12.15 இரண்டின் இருக்கைப் படத்தையும் திறந்து பாருங்கள். உங்கள் இருக்கைகள் ஒன்றில் காலியாகவும் மற்றதில் விற்றுப்போனதாகவும் தெரிந்தால், விற்றுப்போன இரவுதான் உங்களுடையது. இரண்டிலும் விற்றுப்போயிருந்தால் தியேட்டர் கவுண்டரில் டிக்கெட்டைக் காட்டி, எந்த ராத்திரி என்று கேட்டுவிடுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் கேளுங்கள். அதற்குப் பிறகு கேட்டால் எங்களுக்குக் கிடைத்த பதில்தான் கிடைக்கும்.