காத்திருப்போர் பட்டியலுக்கு எந்த வாசகம்: ஆவலைத் தூண்டுவதா, ஆளைத் தெரிந்தெடுப்பதா?

பீட்டா எனும் சோதனை நிலையில் உள்ள ஒரு மொபைல் செயலிக்குக் காத்திருப்போர் பட்டியல் திறக்கும்போது, சமூக ஊடகப் பதிவோடு போகும் வாசகத்தை எழுத இரண்டு வழிகள் உண்டு. செயலியைப் பற்றி அதிகம் சொல்லாமல் ஆவலைக் கிளப்பிப் பெயர்களைச் சேர்ப்பது ஒன்று. இது யாருக்கு, பதிவு செய்தால் என்ன நடக்கும் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவது இன்னொன்று. சமீபத்தில் எங்கள் சிறு குழு இரண்டையும் எழுதி வைத்துக்கொண்டு, இரண்டாவதைத் தேர்ந்தது. என் சாய்வு எந்தப் பக்கம் என்று இப்போதே தெரிந்திருக்கும்.

எங்கள் செயலி, ஒரே வீட்டில் சேர்ந்து தங்கியிருப்பவர்கள் செலவைப் பங்கு போட்டுக் கணக்கு வைப்பதற்கானது. ஆண்ட்ராய்டில் மட்டும்தான் ஓடும். முதல் வாசகம் இப்படி இருந்தது:

"பணக் கணக்கில் இனி சண்டை இல்லை! எங்கள் புதிய செயலி விரைவில். முதல் ஆளாக இருக்க இப்போதே பதிவு செய்யுங்கள். இடங்கள் குறைவு!"

இரண்டாவது வாசகம் இது:

"அறைத்தோழர்களோடு செலவைப் பங்கு போடுபவர்களுக்கு, எல்லோரிடமும் ஆண்ட்ராய்டு இருந்தால் மட்டும். ஒருவர் ஐபோன் வைத்திருந்தாலும் இப்போதைக்கு இது உதவாது. பதிவு செய்தவுடன் செயலி கிடைத்துவிடாது. ப்ளே ஸ்டோரில் நீங்கள் பயன்படுத்தும் கூகுள் கணக்கின் மின்னஞ்சலைக் கொடுங்கள். குழு குழுவாக அழைப்பு அனுப்புவோம், எல்லோருக்கும் இடம் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. அழைப்பு வந்தால் இரண்டு வாரமாவது சோதனையில் இருந்து, தவறு கண்டால் எங்களுக்கு எழுத வேண்டும். சோதனை முடிந்ததும் நீங்கள் போட்ட கணக்குகள் அழிக்கப்படும். கட்டணம் இல்லை. உங்கள் முகவரியை அழைப்புக்கு மட்டுமே பயன்படுத்துவோம். விலக நினைத்தால் அதே அஞ்சலுக்குப் பதில் போட்டால் போதும்."

முதலாவது கவர்ச்சியானது, இரண்டாவது நீளமானது. முதலாவதற்குப் பதிவுகள் அதிகம் விழும், இரண்டாவதைப் பாதியிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்கள் இருப்பார்கள். இதில் விவாதிக்க ஒன்றும் இல்லை. எண்ணிக்கை மட்டும்தான் வேண்டும் என்றால் முதலாவதை எடுத்துக்கொண்டு இங்கேயே நிறுத்திவிடலாம்.

எண்ணிக்கையை எதற்காகச் சேர்க்கிறோம் என்று கேட்டால்தான் வேறுபாடு தெரியவரும். பீட்டா பட்டியல் விளம்பரத்துக்கானது அல்ல. அதில் இருப்பவர்களுக்கு ஒரு நாள் அழைப்பு போகும், அன்று அவர்கள் செயலியை நிறுவ வேண்டும், நிறுவியபின் அதில் தங்க வேண்டும். அழைப்பு போகும் அந்த நாளில் எந்தப் பட்டியல் உயிரோடு இருக்கிறது என்பதுதான் என் பார்வையில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

கூகுள் ப்ளேயில் மூடிய சோதனையை மின்னஞ்சல் பட்டியல் வைத்து நடத்தினால், யாருடைய கூகுள் கணக்கு பட்டியலில் இருக்கிறதோ அவருக்குத்தான் செயலி தெரியும். சேர்வதற்கான இணைப்பைத் திறந்து, சோதனையில் சேர ஒப்புக்கொண்டு, அதன்பின் நிறுவ வேண்டும். ஒருவர் அலுவலக முகவரியையோ வேறு நிறுவனத்தின் மின்னஞ்சலையோ கொடுத்து, போனில் வேறொரு ஜிமெயில் கணக்கு வைத்திருந்தால், இணைப்பைத் திறந்ததும் இந்தக் கணக்குக்குச் செயலி கிடைக்காது என்ற பக்கம்தான் வரும். அவருக்குத் தன் முகவரிதான் காரணம் என்று தெரியாது. "லிங்க் வேலை செய்யவில்லை" என்று எழுதுவார், அல்லது எழுதாமலே போய்விடுவார். எழுதுபவரையாவது திருத்தலாம், பேசாமல் போனவரை எப்படிப் பிடிப்பது?

இரண்டாவது வாசகத்தில் "ப்ளே ஸ்டோரில் நீங்கள் பயன்படுத்தும் கூகுள் கணக்கின்" என்ற சொற்கள் இதற்காகத்தான் இருக்கின்றன. அழகுக்காக அதை எடுத்துவிடலாமா என்று குழுவில் ஒருவர் கேட்டார். எனக்கு அந்த வாசகத்திலேயே மிக விலை உயர்ந்த இடம் அதுதான். அதே சொற்களைப் படிவத்தின் முகவரிப் பெட்டிக்கு மேலேயும் ஒருமுறை எழுதிவிடுங்கள். வாசகத்தைப் படிக்காமல் நேராகப் படிவத்துக்கு வருபவர்களும் உண்டு.

அடுத்தது "இரண்டு வாரமாவது" என்பது. அதை நாங்கள் சும்மா போடவில்லை. 2023 நவம்பர் 13-க்குப் பிறகு திறந்த தனிநபர் டெவலப்பர் கணக்கு என்றால், செயலியை எல்லோருக்கும் வெளியிட அனுமதி கேட்பதற்கு முன் மூடிய சோதனையில் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சேர்ந்திருக்க வேண்டும் என்று கூகுள் கேட்கிறது. முதலில் 20 பேர் என்று இருந்தது, 2024 இறுதியில் 12 ஆகக் குறைத்தார்கள். நிறுவனக் கணக்குக்கு இந்த நிபந்தனை இல்லை. 12 பேர்தானே என்று தோன்றும். ஆனால் "முதல் ஆளாக இருங்கள்" என்று கூப்பிட்டு வந்தவர் முதல் நாள் திறந்து பார்த்துவிட்டு, ஐபோன் வைத்திருக்கும் அறைத்தோழரைச் சேர்க்க முடியவில்லை என்று கண்டதும் சோதனையிலிருந்து விலகிவிடுவார். எண்ணிக்கை 12-க்குக் கீழே போகும் நாளில் அதுவரை ஓடிய நாட்கள் வீணாகும். எங்களிடம் இரண்டாவது வாசகம் வழியாக வந்த பட்டியல் சிறியது; ஆனால் அதில் இருந்தவர்கள் என்ன கேட்கப்போகிறோம் என்று தெரிந்தே வந்தவர்கள்.

"எல்லோரிடமும் ஆண்ட்ராய்டு இருந்தால் மட்டும்" என்ற நிபந்தனையும் அப்படித்தான். தனியாகப் பயன்படுத்தும் செயலி என்றால் பதிவு செய்பவரின் போனைக் கேட்டால் போதும். பலர் சேர்ந்து பயன்படுத்துவது என்றால் அவருடன் இருப்பவர்களின் போனையும் கேட்க வேண்டும். மூன்று பேர் தங்கியிருக்கும் வீட்டில் ஒருவரால் நுழைய முடியாவிட்டால் மற்ற இருவர் போடும் கணக்குக்கு அர்த்தமில்லை. அந்த வீட்டிலிருந்து வரும் கருத்தும் செயலியைப் பற்றியதாக இருக்காது, இல்லாத ஐபோன் பதிப்பைப் பற்றியதாக இருக்கும். யாருக்குப் பொருந்தாது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டால் இந்தக் கடிதங்கள் பாதி குறையும்.

கணக்குகள் அழிக்கப்படும் என்ற வரிக்குத்தான் உள்ளுக்குள் அதிக எதிர்ப்பு இருந்தது. அதைப் படித்தால் யார் வருவார்கள் என்றார்கள். பணக் கணக்கு எழுதும் செயலியில் அதை மறைக்கவே கூடாது என்பது என் பிடிவாதம். ஒரு மாத வாடகை, மின்கட்டணம், மளிகை எல்லாம் பதிந்து, யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று அதை நம்பி இருக்கும் வீட்டில் ஒருநாள் எல்லாம் காலியாகிவிட்டால், அந்த ஐந்நூறு ரூபாய்ச் சண்டை நம் பெயரில்தான் நடக்கும். முன்கூட்டியே சொல்லிவிட்டால் பழைய நோட்டிலும் எழுதி வைத்துக்கொள்வார்கள். சோதனைக்கு அதில் ஒரு நட்டமும் இல்லை.

"தவறு கண்டால் எங்களுக்கு எழுத வேண்டும்" என்பதில் ஒரு நுணுக்கம். ப்ளேயில் சோதனைப் பதிப்பைப் பயன்படுத்துபவர் எழுதும் கருத்து பொது மதிப்பீடாக ஸ்டோரில் தெரியாது, டெவலப்பருக்கு மட்டும்தான் வரும். சிலர் நட்சத்திரம் குறைத்துப் போட்டால் நமக்குக் கெடுதல் ஆகுமே என்று தயங்குவார்கள். இடம் இருந்தால் "உங்கள் கருத்து எங்களுக்கு மட்டுமே தெரியும்" என்று சேர்த்துவிடலாம். எங்களுக்கு இடம் இல்லை, அழைப்பு அஞ்சலில் போட்டுக்கொண்டோம்.

ஐபோனில் நிலைமை வேறு. அங்கே என் அனுபவம் குறைவு, ஆனால் வாசகத்தைப் பாதிக்கும் அடிப்படைகள் தெளிவானவை. ஆப்பிளின் சோதனைத் தளமான டெஸ்ட்ஃப்ளைட்டில் பொது இணைப்பு கொடுத்தால் மின்னஞ்சல் வாங்காமலே ஆட்களைச் சேர்க்கலாம், வெளிச் சோதனையாளர் 10,000 பேர் வரை. ஆகவே முகவரி பற்றிய வரியே தேவைப்படாமல் போகலாம். அதற்குப் பதில் வேறொன்றைச் சொல்ல வேண்டும்: ஒரு பதிப்பு 90 நாள்தான் ஓடும், அதற்குள் புதியது ஏற்றாவிட்டால் திறக்காது. "சோதனைப் பதிப்பு குறிப்பிட்ட காலத்துக்குப் பின் தானாக நின்றுவிடும்" என்று ஒரு வாக்கியம் போதும்.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. வரிசையில் உங்கள் எண் இது, நண்பரை அழைத்தால் முன்னேறலாம் என்பது. 2013-இல் மெயில்பாக்ஸ் என்ற ஐபோன் செயலி முன்னால் எத்தனை பேர், பின்னால் எத்தனை பேர் என்று காட்டிய வரிசை அப்போது நிறையப் பேசப்பட்டது. தனியாகப் பயன்படுத்தும் செயலிக்கு அது சரி. எங்களுடையதில் நண்பர் என்றால் அதே வீட்டில் இருப்பவர். வரிசையில் முந்துவதற்காகத் தொடர்பில்லாத நூறு பேரை இழுத்து வருவது பட்டியலைக் கெடுக்கத்தான் செய்யும். அதனால் இதை நாங்கள் எடுக்கவில்லை.

நீளம் பற்றிய கவலைக்கு ஒரு வழி இருக்கிறது. இன்ஸ்டாகிராமில் வாசகம் சுமார் 125 குறியீடுகளுக்குப் பிறகு மடிந்துவிடும், மீதியைப் பார்க்க 'மேலும்' என்பதைத் தொட வேண்டும். தமிழில் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியாகக் கணக்கில் வரும். "விரைவில்" என்பது கண்ணுக்கு நான்கு எழுத்து, கணினிக்கு எட்டு குறியீடு. அதனால் நாம் நினைப்பதைவிட இடம் சீக்கிரம் தீர்ந்துபோகும். எங்கள் முதல் வாக்கியம் இடைவெளிகளையும் சேர்த்து 90 குறியீடு. யாருக்கு என்பது மடிப்புக்கு மேலேயே முழுதாகத் தெரிந்துவிடும், பொருந்தாதவர் அங்கேயே நகர்ந்துவிடுவார். பதிவு செய்வதன் பொருள் மடிப்புக்குக் கீழே இருந்தாலும் பரவாயில்லை, பொருந்துகிறவர் தொட்டுப் படிப்பார். அந்த வாசகத்துக்குள் போடும் இணைப்பை அழுத்தினால் திறக்காது என்பதால், இணைப்பு முகப்பில் இருக்கிறது என்று எழுத வேண்டும்.

முதல் வாசகம் சரியாக இருக்கும் சந்தர்ப்பமும் உண்டு. செயலியை இன்னும் கட்டவே ஆரம்பிக்கவில்லை, இப்படி ஒன்று வந்தால் யாருக்காவது வேண்டுமா என்று மட்டும் பார்க்கிறீர்கள் என்றால் நிபந்தனைகளை அடுக்குவது அர்த்தமற்றது. உங்களுக்கே அவை தெரியாது. ஆனால் அப்போதும் "இடங்கள் குறைவு" வேண்டாம். எத்தனை இடம் என்று முடிவாகாதபோது அது வெறும் பயமுறுத்தல்.

இரண்டாவதற்கு ஒரு பராமரிப்புச் செலவு இருப்பதையும் சொல்ல வேண்டும். முதல் வாசகத்தை ஆறு மாதம் அப்படியே விடலாம், பொய்யாக எதுவும் இல்லை. இரண்டாவதில் ஒவ்வொரு வரியும் ஒரு வாக்குறுதி. ஐபோன் பதிப்பு வந்தால் முதல் வாக்கியம் மாறும், கணக்குகளை அழிக்க வேண்டாம் என்று முடிவானால் அந்த வரி போகும், இடம் நிரம்பினால் "இப்போது அழைப்பு நிறுத்தப்பட்டிருக்கிறது, அடுத்த குழுவுக்குப் பெயரை மட்டும் வைத்துக்கொள்கிறோம்" என்று மாற்ற வேண்டும். நாங்கள் புதிய பதிப்பு ஏற்றும் பட்டியலிலேயே வாசகத்தை ஒருமுறை படித்துப் பார்ப்பதையும் ஒரு வேலையாகச் சேர்த்துவிட்டோம். பழைய வாசகத்தைப் பார்த்துச் சேர்ந்தவர்களுக்கு, மாறிய வரி எது என்று அஞ்சலில் தனியாக எழுதுகிறோம்.