மூச்சுச் சத்தம் குறைந்ததும் குணமாகிவிட்டது என்று நம்பி ஏமாந்தோம்: கைக்குழந்தை உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை

என் மகளுக்கு அப்போது நாலு மாதம். ஆக்சிஜன் அளவு 86-க்கு இறங்கி மருத்துவமனையில் ஆறு நாள் கிடந்தாள். அதற்கு முந்தைய இரண்டு நாளில் ஒரு கிளினிக்கில் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். எந்தக் கிளினிக் என்று கேட்காதீர்கள், இதே தவறு எங்கே வேண்டுமானாலும் நடக்கும்.

முதல் இரண்டு நாள் வெறும் மூக்கு ஒழுகல்தான். மூன்றாம் நாள் மாலை இருமல் தொடங்கியது, மூச்சும் வேகமானது. கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மருத்துவர் மேசைக்கு அந்தப் பக்கமே உட்கார்ந்திருந்தார். குழந்தை இரண்டு தடவை இருமியதைக் கேட்டார், சட்டைக்கு மேலேயே ஸ்டெதஸ்கோப்பை வைத்து எடுத்தார். என் பெரியவனுக்கு இரண்டு வயதில் குரூப் என்கிற தொண்டை வீக்கம் வந்திருந்ததைச் சொன்னேன். "அப்போ இதுவும் அதேதான்" என்றார். ஒரு டோஸ் ஸ்டீராய்டு சிரப், தினம் மூன்று வேளை நெபுலைசர், கூடவே ஒரு ஆன்டிபயாட்டிக். நெபுலைசர் மெஷினையும் அங்கேயே வாங்க வைத்தார்கள். மொத்தம் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

பெரியவனுக்கு வந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தவள். அப்போதே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும், ஏனென்றால் இரண்டும் காதுக்கே வேறு வேறு. அவன் நள்ளிரவில் திடீரென்று எழுந்து நாய்க்குட்டி குரைப்பது போல இருமினான், குரல் கட்டிப்போயிருந்தது, அழும்போதெல்லாம் மூச்சை உள்ளே இழுக்கையில் தொண்டையிலிருந்து 'ஹீ...' என்று ஒரு கரகரத்த இழுப்பு வந்தது, அதைக் கேட்க ஸ்டெதஸ்கோப்பே வேண்டாம், அடுத்த அறைக்கே கேட்டது. குரூப்பில் வீங்குவது குரல் நாண்களுக்குச் சற்றுக் கீழே உள்ள இடம். அங்கே வழி குறுகுவதால் காற்றை உள்ளே இழுக்கும்போதுதான் சத்தம் வரும், இதை ஸ்ட்ரைடர் என்கிறார்கள். ஒரே ஒரு டோஸ் டெக்ஸாமெதசோன் என்கிற ஸ்டீராய்டை வாய்வழியாகக் கொடுத்தார்கள், சில மணி நேரத்தில் வீக்கம் வடியத் தொடங்கி அவன் தூங்கிவிட்டான்.

மகளுக்கு அப்படி எதுவும் இல்லை. குரைக்கவில்லை, குரலும் கட்டவில்லை. சளி கட்டிய ஈர இருமல். மூச்சை வெளியே விடும்போது நெஞ்சுக்குள்ளிருந்து மெல்லிய விசில் மாதிரி ஒன்று, அதுவும் காதை அவள் முதுகில் வைத்தால்தான் கேட்டது. இதுதான் பிராங்கியோலைட்டிஸ். பெரும்பாலும் ஆர்.எஸ்.வி என்கிற வைரஸால் வருவது, ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளைத்தான் அதிகம் பிடிக்கும். இதில் அடைபடுவது நுரையீரலுக்குள் இருக்கும் மிகச் சிறிய குழாய்கள். காற்று உள்ளே போய்விடும், வெளியே வரும்போதுதான் குழாய் இன்னும் சுருங்கி மாட்டிக்கொள்ளும், அதனால்தான் சத்தம் வெளிமூச்சில் வருகிறது. குழாயை அடைப்பது சளியும் உதிர்ந்த செல்களும் என்பதால் ஸ்டீராய்டுக்குப் பெரிதாக வேலை இல்லை, நெபுலைசர் மருந்தையும் வழக்கமாகக் கொடுக்கச் சொல்வதில்லை, வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் கேட்காது. நாங்கள் காசு கொடுத்து வாங்கிய மூன்றுமே அவளுக்குத் தேவைப்படாதவை. இன்னொன்றும் உண்டு. குரூப் பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள் வருவது. நாலு மாதக் குழந்தைக்கு யாராவது குரூப் என்று சொன்னால், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள்.

அன்று இரவு சட்டையைக் கழற்றிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணினேன். 68. இரண்டு மாதத்துக்கு மேல் ஒரு வயதுக்குள் 50-ஐத் தாண்டினாலே வேகம்தான். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே பள்ளம் விழுந்தது, மூக்குத் துவாரங்கள் விரிந்தன. வழக்கமாக 120 மில்லி குடிப்பவள் 40 மில்லியில் வாயைத் திருப்பிக்கொண்டாள். கிளினிக்குக்குப் போன் செய்தேன். "மருந்து வேலை செய்ய நேரம் ஆகும், பொறுங்கள்" என்றார்கள். பிராங்கியோலைட்டிஸ் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள்தான் உச்சத்துக்குப் போகும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் பொறுத்திருக்க மாட்டேன்.

மறுநாள் காலையில் விசில் சத்தம் குறைந்திருந்தது. எண்ணினால் 44. எனக்கு உயிரே வந்தது போல இருந்தது. திரும்பப் போன் செய்தபோது நர்ஸும் "பார்த்தீங்களா, குறைஞ்சிருச்சு, நெபுலைசரை நிறுத்தாதீங்க" என்றார்.

என் அம்மாதான் முதலில் சந்தேகப்பட்டார். குழந்தையை மடியில் வாங்கியவர், "ஏம்மா, மூச்சுக்கு மூச்சு தலை ஆடுதே" என்றார். பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் தலை லேசாக முன்னால் சாய்ந்து திரும்பியது, கழுத்துத் தசையை வைத்து மூச்சு இழுக்கிறாள். பாட்டிலை உதட்டில் வைத்தால் கண்ணைத் திறக்கவில்லை. மூக்கில் சொட்டு விட்டால் எப்போதும் வீட்டையே இரண்டாக்குபவள் அழக்கூட இல்லை. உதட்டைச் சுற்றி வெளிறியிருந்தது. முந்தைய இரவிலிருந்து டயப்பர் நனையவே இல்லை.

மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்து, குழாய் வழியாகப் பால் கொடுத்தார்கள். அங்கே இருந்த மருத்துவர் எனக்குப் புரியும்படி சொன்னார்: "மூச்சு வேகமாக, நெஞ்சு குழிந்து, சத்தத்தோடு இருக்கும்வரை குழந்தை போராடுகிறது. சோர்ந்துபோனால் மூச்சின் எண்ணிக்கை தானாக இறங்கும், உள்ளே போகும் காற்று குறைவதால் சத்தமும் குறையும், குழியும் ஆழமில்லாமல் போகும். எண்ணை மட்டும் பார்த்தால் குணமானது போலத் தெரியும்." குரூப்பிலும் இப்படித்தானாம், ஸ்ட்ரைடர் மெலிந்துகொண்டே போய்க் குழந்தையும் மந்தமானால் அது ஆபத்து. நிஜமாகவே குணமானால் சத்தம் குறையும்போது குழந்தை பால் குடிக்கும், ஆளைப் பார்க்கும், அழ வேண்டியதற்கு அழும். சத்தம் குறைந்து குழந்தையும் துவண்டால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள், போன் செய்து கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். மூச்சு நடுவில் நின்று நின்று வந்தாலோ, உதடு நீலமானாலோ, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகல் வந்தாலோ அதேதான். மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைகளுக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கும் பெரிய சத்தம் எதுவும் இல்லாமலே மூச்சு நின்றுபோகலாம், அவர்களுக்குக் காத்திருந்து பார்ப்பதே வேண்டாம்.

குரூப்பாக இருந்தால் ஒன்று கவனம். குழந்தை அழாமல் இருக்கும் நேரத்திலும் அந்த இழுப்புச் சத்தம் வந்தால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. மடியில் நிமிர்த்தி உட்கார வைத்துக்கொண்டு போங்கள், வாயைத் திறந்து தொண்டையைப் பார்க்காதீர்கள், அழ அழ வழி இன்னும் குறுகும். ஆவி பிடிக்க வைக்காதீர்கள், அதனால் பலன் இல்லை, சூடு பட்டுவிடும் ஆபத்துதான் உண்டு. இருமலே இல்லாமல், கடும் காய்ச்சலோடு எச்சில் வடிய உட்கார்ந்திருந்தால் அது குரூப் இல்லை, வேறு அவசரம்.

வீடு திரும்பிய பிறகு அந்தக் கிளினிக் கொடுத்த சீட்டை எடுத்துப் பார்த்தேன். மூச்சு எண்ணிக்கை எழுதவில்லை. ஆக்சிஜன் அளவும் எழுதவில்லை, விரலில் மாட்டும் கருவி மேசை மேலேயே கிடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எத்தனை மில்லி பால் குடிக்கிறாள் என்று அவர்கள் கேட்கவே இல்லை. இப்போதெல்லாம் எங்கே போனாலும் உள்ளே நுழைந்ததும் நானே அவள் சட்டையைக் கழற்றிவிடுகிறேன், ஒரு நிமிடம் எண்ணச் சொல்கிறேன், அந்த எண்ணைச் சீட்டில் எழுதித் தரும்வரை எழுந்திருப்பதில்லை.