அட்டவணையா, வரைபடமா: எழுத்தறிவுக் கணக்கை வைத்து ஓர் அலசல்

தமிழ்நாட்டின் எழுத்தறிவு விகிதத்தைப் பற்றி ஓர் அலுவல் அறிக்கை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 1991-இல் ஆண்களில் 73.75 விழுக்காட்டினரும் பெண்களில் 51.33 விழுக்காட்டினரும் எழுத்தறிவு பெற்றிருந்தனர். 2001-இல் இவை 82.42, 64.43 என்றும், 2011-இல் 86.77, 73.44 என்றும் உயர்ந்தன. இந்த ஆறு எண்களை அட்டவணையாகவும் தரலாம், வரைபடமாகவும் தரலாம். எதைத் தருவது என்பதை, படிப்பவர் அவற்றைக் கொண்டு என்ன செய்யப் போகிறார் என்பதே தீர்மானிக்க வேண்டும்.

நிதி ஒதுக்கீட்டுக் குறிப்பு எழுதும் அலுவலருக்கு 73.44 என்ற எண் அப்படியே வேண்டும். வரைபடத்தில் அந்த உயரத்தைக் கண்ணால் அளந்து "ஏறக்குறைய எழுபத்து மூன்று" என்று அவர் எழுத முடியாது. ஆறே எண்களுக்குப் படம் வரைந்து அரைப் பக்கத்தை நிரப்புவதும் வீண். மூன்று வரிசையில் ஆண்டுகள், அடுத்தடுத்த பத்திகளில் ஆண், பெண், இடைவெளி என்று ஒரு சிறிய அட்டவணையே இங்குப் போதும். ஆண்–பெண் இடைவெளி 22.42, 17.99, 13.33 எனக் குறைந்து வருவதைக் கடைசிப் பத்தி தானே சொல்லிவிடும். படிப்பவர் மனத்தில் கழித்துப் பார்க்கட்டும் என்று அந்தப் பத்தியை விட்டுவிடுவதுதான் பெரும்பாலான அட்டவணைகளின் குறை.

மாவட்ட வாரியாகக் காட்டும்போது நிலைமை மாறுகிறது. 2011-இல் இருந்த 32 மாவட்டங்களையும் அகர வரிசையில் அட்டவணையாக அடுக்கினால், 91.75 விழுக்காட்டுடன் கன்னியாகுமரி முதலிலும் 68.54 விழுக்காட்டுடன் தருமபுரி கடைசியிலும் இருப்பதைக் கண்டுபிடிக்கவே ஒருவர் பக்கம் முழுவதும் விரலை ஓட்ட வேண்டியிருக்கும். கிடைமட்டப் பட்டைகளாக, மதிப்பின் இறங்கு வரிசையில் வரைந்தால் அது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்; மாவட்டப் பெயர்களையும் சாய்க்காமல் நேராக எழுதலாம். அகர வரிசை அட்டவணை தேவையற்றதாகிவிடவில்லை; தன் மாவட்டத்தைத் தேடி வருபவருக்காக அது பின்னிணைப்பில் இருக்கட்டும். வட்ட விளக்கப்படம் மட்டும் இங்கு அறவே பொருந்தாது, ஏனெனில் மாவட்ட விகிதங்களைக் கூட்டினால் நூறு வராது. அவை ஒரு முழுமையின் பங்குகள் அல்ல.

பட்டை வரைபடத்தில் மிகுதியாக நடக்கும் பிழை, செங்குத்து அச்சைப் பூச்சியத்தில் தொடங்காமல் விடுவது. 2011-ஆம் ஆண்டின் ஆண், பெண் விகிதங்களை 60-இல் தொடங்கும் அச்சில் வரைந்தால், ஆண்களின் பட்டைக்கு 26.77 அலகு உயரமும் பெண்களின் பட்டைக்கு 13.44 அலகு உயரமும் கிடைக்கும். அதாவது, எழுத்தறிவு பெற்ற பெண்களின் விகிதம் ஆண்களின் விகிதத்தில் பாதிதான் என்று கண் நம்பிவிடும். உண்மையில் அது ஏறத்தாழ 85 விழுக்காடு. பட்டையில் நீளமே மதிப்பாகப் படிக்கப்படுவதால் அடியை வெட்டுவது பொய்யாகிவிடுகிறது. கோட்டு வரைபடத்தில் நாம் படிப்பது ஏற்ற இறக்கத்தை என்பதால், அச்சு 40-இல் தொடங்கினாலும், அதை அச்சிலேயே தெளிவாகக் காட்டினால் போதும். மூன்று கணக்கெடுப்புகளிலும் இடைவெளி சுருங்கி வந்ததைப் படமாகக் காட்ட விரும்பினால், இரண்டு கோடுகளே பட்டைகளைவிட நல்ல தேர்வு என்பது என் கருத்து. அப்போது கோடுகளின் முனையிலேயே 'ஆண்', 'பெண்' என்று எழுதிவிட வேண்டும். நிறத்தை மட்டும் நம்பி ஓரத்தில் குறிவிளக்கம் தந்தால், கறுப்பு வெள்ளை நகலில் இரண்டு கோடுகளும் ஒன்றாகிவிடும். நம் அலுவலகங்களில் அறிக்கைகள் பெரும்பாலும் நகலாகத்தான் கைமாறுகின்றன.

எதைத் தேர்ந்தாலும் தலைப்பும் அடிக்குறிப்பும் சரியாக இல்லையென்றால் பயனில்லை. 'எழுத்தறிவு நிலை' என்ற தலைப்பு எதையும் சொல்வதில்லை. 'அட்டவணை 2: தமிழ்நாட்டில் ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளோரின் எழுத்தறிவு விகிதம், பாலின வாரியாக, 1991–2011 (விழுக்காட்டில்)' என்று எழுதினால், அந்தப் பக்கத்தை மட்டும் பிரித்தெடுத்தாலும் பொருள் கெடாது. வயது வரம்பைக் குறிப்பிடுவது இங்கு இன்றியமையாதது, ஏனெனில் 1991-க்கு முந்தைய கணக்கெடுப்புகளில் ஐந்து வயது முதலே கணக்கிட்டார்கள். அந்தப் பழைய எண்களைக் குறிப்பில்லாமல் அதே கோட்டில் சேர்த்தால் ஒப்பீடு பிழையாகும். இடைவெளிப் பத்தியின் அலகையும் 'விழுக்காட்டுப் புள்ளி' என்றே எழுத வேண்டும். 22.42-இலிருந்து 13.33-க்கு இறங்கியது 9.09 புள்ளிக் குறைவு. அதையே விழுக்காட்டில் சொன்னால் ஏறத்தாழ 40.5. இரண்டும் சரியான எண்களே, ஆனால் அலகு எழுதப்படாவிட்டால் ஒன்றை மற்றொன்றாகப் படித்துவிடுவார்கள். தரவின் மூலத்தைக் குறிக்கும் வரியில் 'தற்காலிகம்', 'இறுதி' என்பதில் எது என்பதும் இடம்பெற வேண்டும்: 2011-இன் மாநில மொத்த விகிதம் முதலில் 80.33 என வெளியாகி, இறுதியில் 80.09 ஆனது. இந்தக் குறிப்பு இல்லையென்றால், ஒரே அறிக்கையின் இரண்டு பக்கங்களில் இரண்டு எண்களைக் காணும் தணிக்கையாளர் ஏதோ ஒன்று தவறு என்றே முடிவுசெய்வார்.