கடன் ஆப்பும் இந்தி ரிவ்யூவும்: மூன்று வருஷப் பழக்கம்

நீடாமங்கலத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் போனை நீட்டி, "இந்த ஆப்பைப் போட்டுக் குடும்மா" என்பார்கள். மூன்று வருஷமாக, கடன் கொடுக்கும் ஆப் என்றால் மட்டும் உடனே போட்டுக் கொடுப்பதில்லை. முதலில் அதன் இந்தி ரிவ்யூக்களைத் தமிழாக்கிப் படித்துவிடுவேன்.

போன வருஷம் சம்பா நடவு சமயம். மாமா குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டுப் பணத்துக்குக் காத்திருந்தார். நடவுக் கூலிக்குப் பதினைந்தாயிரம் வேண்டும். வீடியோ நடுவே வந்த விளம்பரத்தைக் காட்டி, "நாலரை நட்சத்திரம் போட்டுருக்கே, எடுத்துக்கலாம்ல?" என்று கேட்டார்.

பிளே ஸ்டோரில் விவரக் குறிப்பு ஆங்கிலத்தில் இருந்தது. மொழிபெயர்த்துப் பார்த்தால் கடன் காலம் 91 முதல் 365 நாள், வருஷ வட்டி அதிகபட்சம் 36 சதவீதம். படிக்க ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் முழுக் கடனையும் 60 நாளுக்குள் கட்டச் சொல்லும் தனிநபர் கடன் ஆப்களை பிளே ஸ்டோர் விதி அனுமதிப்பதில்லை. அதனால் ஏழு நாளில் பணம் கேட்கிறவரும் குறிப்பில் 91 நாள் என்றுதான் எழுதுவார். குறிப்பை எவ்வளவு நன்றாக மொழிபெயர்த்தாலும் இது வெளியே வராது. கடன் வாங்கினவர்கள் எழுதியதைத்தான் பார்க்க வேண்டும்.

அங்கேதான் சிக்கல். போன் எந்த மொழியில் இருக்கிறதோ, பெரும்பாலும் அந்த மொழி ரிவ்யூக்களைத்தான் ஸ்டோர் காட்டும். மாமா போனில் "நல்ல ஆப்", "சூப்பர்" என்று நாலைந்து வரிகள், அவ்வளவுதான். ஆப்பின் பக்கத்தை பிரவுசரில் திறந்து, முகவரியின் கடைசியில் மொழிக் குறியீட்டைச் சேர்த்தேன்.

```
https://play.google.com/store/apps/details?id=com.example.app&hl=hi
```

`hi` என்றால் இந்தி. `te` போட்டால் தெலுங்கு, `kn` போட்டால் கன்னடம். எல்லா ரிவ்யூக்களையும் திறந்து, ஒரு நட்சத்திரம், புதியது முதலில் என்று வடிகட்டி, பிரவுசர் மெனுவில் தமிழுக்கு மாற்றினேன்.

முதலில் வந்தது: "நாளை 3,000 எடுத்தேன், 1,900 வந்தது, ஏழு நாளில் 3,000 கேட்கிறார்கள்." நாளை எப்படி எடுத்திருக்க முடியும்? இந்தியில் 'கல்' என்ற ஒரே சொல் நேற்றையும் குறிக்கும், நாளையையும் குறிக்கும். இப்படி இடறும் இடங்கள் இப்போது எனக்குப் பழகிவிட்டன. 'மீட்பு ஆட்கள் அண்ணிக்கு போன் செய்தார்கள்' என்பதை ஆரம்பத்தில் யாரோ உதவிக்கு வந்ததாகவே படித்தேன். அது கடன் வசூலுக்கு வரும் ஆட்கள். 'ரிகவரி' தமிழில் 'மீட்பு' ஆகிவிடுகிறது. இந்தியை ஆங்கில எழுத்தில் எழுதினவர்கள் இன்னும் சிரமம். 'பைசே மத் லோ' என்பதை ஆங்கிலம் என்று எண்ணி மொழிபெயர்ப்பு அப்படியே விட்டுவிடும். அந்த வரியை நகலெடுத்து, மூல மொழி இந்தி என்று நாமே குறித்துக் கொடுத்தால்தான் "பணம் வாங்காதீர்கள்" என்று வரும். எல்லோர் கண்ணிலும் படட்டும் என்று ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டு உள்ளே புலம்பியிருப்பவர்களும் உண்டு, அதனால் ஐந்து நட்சத்திரத்திலும் நீளமாக எழுதியதைப் படிப்பேன்.

ஒரு நட்சத்திரம் எல்லாமே எச்சரிக்கை ஆகிவிடாது. "எனக்கு லோன் கொடுக்கவில்லை" என்று கோபத்தில் போட்டவற்றைத் தள்ளிவிடுவேன். நான் தேடுவது தொகையும் நாளும். கையில் வந்தது எவ்வளவு, கேட்டது எவ்வளவு, எத்தனை நாளில் என்று சம்பந்தமில்லாத மூன்று நான்கு பேர் ஒரே கணக்கைச் சொன்னால் போதும். மாமாவுக்குக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். அந்தக் கணக்குப்படி 15,000 கேட்டால் கையில் 9,500 வரும், ஏழாம் நாள் 15,000 கட்ட வேண்டும். நெல் பணமே அதற்குள் வராது. "விதைச்ச நாத்தைப் பறிக்கிறதுக்குள்ள வந்து நிப்பானே" என்றார்.

இந்த முறைக்கு எட்டாததும் உண்டு. புதிதாக வந்த ஆப்பில் படிக்க ரிவ்யூவே இருக்காது. அப்படியென்றால் அதை ஏற்றச் சொல்வதில்லை. கடன் தரும் வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் பெயர் குறிப்பில் இருக்கிறதா, அந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் இந்த ஆப் பெயர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வேன். வாட்ஸ்அப்பில் லிங்க்காக வரும் ஆப்புக்கு ஸ்டோர் பக்கமே கிடையாது, அதைத் தொடுவதே இல்லை. ஏற்கெனவே மாட்டிக்கொண்டு மிரட்டல் வருகிறது என்று வருகிறவர்களுக்கு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக் கடையிலிருந்தே போட்டுத் தருகிறேன்.

மாமா மறுநாள் அத்தையின் வளையலைக் கூட்டுறவுச் சங்கத்தில் வைத்தார். நடவு அந்த வாரமே முடிந்தது.