ராத்திரியில் மட்டும் இறங்கும் காற்று: தண்ணீர்த் தொட்டியா, சோப்பு நுரையா, எந்த ரிம் டேப்?

ராத்திரி பின் சக்கரத்தில் 60 பிஎஸ்ஐ அடித்து வைக்கிறேன், காலையில் கட்டை விரலால் அமுக்கினால் உள்ளே போகிறது. பாதிக்குக் கீழே இறங்கியிருக்கும். சாதாரண பியூட்டைல் டியூப் வாரத்துக்கு ஒரு சில பிஎஸ்ஐ தானாகவே விடும், அது இயல்பு. ஒரே ராத்திரியில் பாதி போனால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. என் வண்டி 700×35 டயர் போட்ட ஹைபிரிட். ஒன்றரை மாதத்தில் மூன்று முறை பஞ்சர் ஒட்டியும் இதே கதைதான். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே உட்கார்ந்து, ஓட்டையைக் கண்டுபிடிக்கச் சொல்லப்படும் வழிகளையும், பிறகு ரிம்மின் கம்பித் துளைகள் டியூப்பைக் குத்தாமல் மூடும் ரிம் டேப் வகைகளையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தேன்.

சக்கரத்தைக் கழற்றும் முன்பு வால்வைப் பாருங்கள். ஒரு நிமிட வேலைதான். வால்வ் மேலே வரும்படி சக்கரத்தைத் திருப்பி, வாயில் ஒரு சொட்டு எச்சிலையோ சோப்புத் தண்ணீரையோ வைத்தால், கசிவு இருந்தால் குமிழி ஊதிக்கொண்டு வரும். பழைய கறுப்பு சைக்கிள்களில் இருக்கும் வால்டியூப் ரப்பர் வெடித்திருந்தால் இதே மாதிரிதான் மெல்ல இறங்கும், அதற்கு டயரையே கழற்ற வேண்டாம், வால்டியூப்பை மாற்றினால் போதும். மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற வால்வாக இருந்தால் உள்ளே இருக்கும் ஊசியை அதற்கான சாவியால் இறுக்கிப் பாருங்கள். என்னுடையதில் வால்வ் சுத்தமாக இருந்தது.

சரி, டியூப்பை வெளியே எடுக்கலாம். எடுக்கும் முன்பு ஒரு வேலை இருக்கிறது, பலரும் இதை விட்டுவிடுகிறார்கள்: வால்வுக்கு நேராக டயரில் பேனாவால் ஒரு கோடு, டியூப்பில் சங்கிலி இருக்கும் பக்கத்தில் ஒரு குறி. இது இல்லாவிட்டால் ஓட்டை கிடைத்தாலும் அது எதனால் வந்தது என்று தெரியாது.

இப்போது தேடும் வழிகள். காதருகே வைத்துக் கேட்பது, உதட்டருகே கொண்டுபோய்க் காற்று படுகிறதா என்று பார்ப்பது, இதெல்லாம் முள் குத்தி ஐந்து நிமிடத்தில் இறங்கும் ஓட்டைக்குத்தான் சரி. ராத்திரி முழுக்க இறங்கும் ஓட்டை அவ்வளவு சின்னது, சத்தமே வராது. சோப்பு நுரையைப் பஞ்சில் தொட்டுத் தடவுவது இதைவிட நல்லது. ஆனால் முழு டியூப்பையும் சுற்றித் தடவ வேண்டும், ஒரு பக்கம் தடவி முடிப்பதற்குள் மறுபக்கம் காய்ந்துவிடும். வால்வின் அடிப்பகுதியையும் பழைய ஒட்டின் ஓரத்தையும் பார்க்க மட்டும் நான் நுரையை வைத்துக்கொள்கிறேன். மெல்லிய கசிவுக்குத் தண்ணீர்த் தொட்டிக்கு ஈடே கிடையாது.

ஆனால் கடையிலும் தொட்டியில்தான் பார்த்தார்கள், ஒருமுறை பஞ்சரே இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அது எப்படி? டியூப்பில் கொஞ்சமாகக் காற்று அடித்து, கலங்கிய தண்ணீரில் கடகடவென்று ஒரு சுற்று சுற்றினால் ஊசிமுனை ஓட்டை தெரியாது. அது சில விநாடிக்கு ஒரு குமிழிதான் விடும். வீட்டில் அகலமான வாளியில் நல்ல தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். டியூப் வழக்கமான பருமனைவிட ஒன்றரை மடங்கு பருக்கும்வரை காற்று அடியுங்கள், ஓட்டையின் வாய் அப்போதுதான் திறக்கும். ஒரு சாண் நீளமாகத் தண்ணீருக்குள் பிடித்து, மேலே ஒட்டியிருக்கும் குமிழிகளைக் கையால் துடைத்துவிட்டு, லேசாக இழுத்தபடி பத்து விநாடி காத்திருங்கள். அப்புறம் அடுத்த சாண். ஒரு சுற்று முடிக்கச் சில நிமிடங்கள் ஆகும். எனக்குப் பாதிச் சுற்றில் கிடைத்தது: ஒரே இடத்திலிருந்து, மூன்று விநாடிக்கு ஒன்றாக, கடுகு மாதிரிக் குமிழி.

ஓட்டை எந்தப் பக்கம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. டயரைத் தொடும் வெளிப்பக்கம் என்றால் முள், கண்ணாடி, கம்பித் துண்டு. டயரின் உட்புறத்தைப் பஞ்சால் தடவினால் அது மாட்டிக்கொள்ளும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை என்றால் காற்றுக் குறைவாகப் பள்ளத்தில் இறங்கி ரிம்மில் நசுங்கியிருக்கிறது. என்னுடையது ரிம்மைத் தொடும் உட்பக்கம். பழைய மூன்று ஒட்டுகளையும் பார்த்தேன், மூன்றும் உட்பக்கம்தான்! டியூப்பின் உட்பக்கம் நெடுக, ஏறக்குறைய ஆறு செ.மீ.க்கு ஒன்றாக, வட்ட வட்டமாகப் புடைத்த தழும்புகள். 32 கம்பி போட்ட 700 ரிம்மில் கம்பித் துளைகளுக்கு இடையே அவ்வளவு தூரம்தான் வரும். முன்பு போட்ட குறியை வைத்து டியூப்பை ரிம்மின் மேல் படுக்க வைத்தபோது ஓட்டை நேராக ஒரு துளையின் விளிம்பில் வந்து உட்கார்ந்தது. அங்கே ரிம் டேப் ஒதுங்கி, துளை பிறை மாதிரி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. துளையின் விளிம்பு கூரான அலுமினியம். ஒவ்வொரு முறையும் கடையில் டியூப்பைத்தான் ஒட்டினார்கள், டேப்பை யாரும் தொடவில்லை.

என் ரிம்மில் இருந்தது மெல்லிய ரப்பர் பட்டை. ஒற்றைச் சுவர் ரிம்மில் குறைந்த காற்றுக்கு இது போதும். அங்கே கம்பிகளை ரிம்மோடு இறுக்கும் நிப்பிள் தலைகள் டியூப்பில் முட்டாமல் பார்த்துக்கொண்டால் சரி, நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி முனையை அரத்தால் தேய்த்துவிடலாம். என்னுடையது மாதிரி இரட்டைச் சுவர் ரிம்மில் கதை வேறு. துளைக்கு அடியில் வெறும் பள்ளம், 60 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ரப்பர் துளைக்குள் தொய்கிறது, டியூப்பும் அதோடு போகிறது. நைலான் பட்டை தொய்யாது, கழற்றி மறுபடி போடலாம், அதிகக் காற்று அடிப்பவர்களுக்கு நல்லது. ஆனால் பசை இல்லை. அகலம் ரிம்முக்குச் சரியாக அமையாவிட்டால் பக்கவாட்டில் நகரும், அதன் விறைப்பான ஓரமே டியூப்பை அறுக்கும். மின்வேலைக்கு வைத்திருக்கும் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றச் சொல்பவர்கள் நிறைய. அவசரத்துக்கு இரண்டு சுற்று சுற்றி வீடு வந்து சேரலாம், அதற்கு மேல் வேண்டாம். நம் வெயிலில் பசை இளகி, டேப் நீண்டு, துளை மறுபடி திறந்துவிடும்.

நான் தேர்ந்தெடுத்தது பசையுள்ள பருத்தித் துணி டேப். தொய்யாது, நகராது. குறை என்றால், ஒருமுறை உரித்தால் மறுபடி ஒட்டாது, மழையில் நனைந்தால் ஈரத்தைப் பிடித்து வைக்கும். இரும்பு ரிம்மாக இருந்தால் துருவுக்காக நைலானுக்கே போவேன். என் ரிம்மின் உள்ளகலம் 19 மி.மீ., டேப் 16 மி.மீ. எல்லாத் துளைகளையும் மூட வேண்டும், ஆனால் டயரின் விளிம்பு உட்காரும் இடத்தில் ஏறக் கூடாது, ஏறினால் டயர் கோணலாக உட்காரும். ரிம்மை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, வால்வ் துளைக்கு எதிர்ப் பக்கத்தில் ஆரம்பித்து, இழுத்துப் பிடித்தபடி ஒட்டி, முடிவில் மூன்று செ.மீ. ஒன்றின் மேல் ஒன்றாக விட்டேன். இந்த மடிப்பு வால்வ் துளையருகே வந்தால் வால்வின் அடி சமமாக உட்காராது, அங்கேயே கசிய ஆரம்பிக்கும்.

டியூப்பையும் மாற்றினேன். மூன்று ஒட்டு பொறுக்கும்தான், ஆனால் அத்தனை தழும்புகளிலும் ரப்பர் மெலிந்திருந்தது. ராத்திரி 60 அடித்து வைத்தேன், காலையில் அளந்தபோது முள் அதே இடத்தில் நின்றது. ஒரு வாரம் கழித்து 57.