பீரோவுக்கு ரெண்டு தடவை பணம் போயிடுச்சு, திரும்ப வாங்க பட்ட பாடு

போன மார்ச்ல ஒரு ஸ்டீல் பீரோ ஆர்டர் பண்ணோம், மொத்தம் 18,500, அட்வான்ஸ் 5,000 கேஷா குடுத்தாச்சு. மீதி 13,500-ஐ சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்காரர் கடைக்கே போய் ஸ்கேன் பண்ணி கட்டிட்டு என்கிட்ட சொல்ல மறந்துட்டார். திங்கக்கிழமை பீரோவை இறக்கின பையன் "அக்கா பேலன்ஸ்"னு ஒரு போன் நம்பர் குடுத்தான், நானும் ஜிபேல அனுப்பிட்டேன். தப்பு எங்க மேலதான், இல்லன்னு சொல்லல.

ராத்திரி விஷயம் தெரிஞ்சு கடைக்கு போன் பண்ணா ஓனர் "ஒண்ணுதாம்மா வந்திருக்கு"ன்னு அடிச்சு சொல்றார். ரெண்டையும் ஓப்பன் பண்ணி பார்த்தப்பதான் புரிஞ்சுது, முதல்ல போனது கடை பேர்ல இருக்கற கணக்குக்கு, ரெண்டாவது அவர் தம்பியோட சொந்த கணக்குக்கு. கடை சவுண்ட் பாக்ஸ் ஒரு தடவைதான் கத்தியிருக்கும்! பணம் அனுப்பறப்ப திரையில வர்ற பேரை நான் படிக்கவே இல்ல.

உடனே வாட்ஸ்அப்ல இப்படி எழுதினேன்:

"அண்ணா வணக்கம். ஒரே பில்லுக்கு ரெண்டு தடவை பணம் வந்திருக்கு.
08-03-2025, ரூ.13,500, யூடிஆர் 506718420937, கடை கணக்கு.
10-03-2025, ரூ.13,500, யூடிஆர் 506911563208, உங்க தம்பி கணக்கு.
ரெண்டாவதை அது வந்த கணக்குக்கே திருப்பி அனுப்புங்க."

ரெண்டு ஸ்டேட்மென்ட்டும் சேர்த்து அனுப்பினேன். அதுக்கு அவர் "ஒரே ஸ்கிரீன்ஷாட்டை ரெண்டு தடவை அனுப்பறீங்க"ன்னார். அந்த 12 இலக்க யூடிஆர் நம்பர்ல முதல் இலக்கம் வருஷத்தோட கடைசி எண், அடுத்த மூணு அந்த வருஷத்துல எத்தனாவது நாள்னு, 067 மார்ச் 8, 069 மார்ச் 10. இதை எங்க ஆபீஸ் அக்கவுண்ட்ஸ்ல இருக்கறவர் சொன்னார், அதை எழுதி அனுப்பினதும்தான் அண்ணன் "பார்க்கறேன்"னு இறங்கி வந்தார்.

பேங்க்லயும் கேட்டேன். ஃபெயில் ஆகி பணம் கட்டானாதான் தானா திரும்புமாம், இது ரெண்டுமே சக்சஸ், நீங்களே பின் போட்டு அனுப்பினது, வாங்கினவர் சம்மதிக்காம எடுக்க முடியாதுன்னுட்டாங்க.

அப்புறம் ஆரம்பிச்சுது இழுத்தடிப்பு. முதல்ல "அடுத்த பர்ச்சேஸ்ல கழிச்சுக்கலாம்"னார், பீரோ என்ன மாசாமாசமா வாங்கறோம்? அடுத்து அந்த தம்பி ஒரு ரிக்வஸ்ட் அனுப்பி "பின் போடுங்கக்கா, ரீஃபண்ட் வந்துடும்"ங்கறான். பார்த்தா அது என்கிட்டேர்ந்து பணம் எடுக்கற ரிக்வஸ்ட்! தெரியாம செஞ்சானா தெரிஞ்சு செஞ்சானா கடவுளுக்குத்தான் வெளிச்சம், ஆனா பணம் வாங்கறதுக்கு பின் போடவே வேணாம், அதனால டிக்ளைன் பண்ணிட்டேன்.

பத்தொம்பது நாள் கழிச்சு வந்தது 13,230. கேட்டா 2 பர்சென்ட் பேங்க் சார்ஜாம். பேங்க் கணக்குலேர்ந்து கணக்குக்கு யூபிஐல அனுப்ப சார்ஜே கிடையாது. அந்த 270-ஐ கேட்டு மெசேஜ் போட்டேன், ப்ளூ டிக் விழுந்து நாலு நாளாச்சு.