கால்சியம் ஆக்சலேட்டைக் கழுவ வடிநீரா, ஆக்சலேட் கரைசலா?

தாழையூத்துப் பக்கம் சுண்ணாம்புக்கல் பரிசோதிக்கிற லேபில் புதிதாகச் சேர்கிறவர்கள் சீக்கிரமே கேட்டுவிடுவார்கள்: "அண்ணாச்சி, வீழ்படிவைச் சுத்தத் தண்ணியிலயே கழுவுனா என்ன? அதுல மறுபடியும் எதுக்கு ஆக்சலேட்?" நியாயமான கேள்விதான். பதில், அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பதைப் பொறுத்தது.

0.2 கிராம் கல்லை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, இரும்பையும் அலுமினியத்தையும் நீக்கி, சூடான கரைசலில் அம்மோனியம் ஆக்சலேட் சேர்க்கிறோம். மெத்தில் ரெட் மஞ்சளாகும் வரை அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டால் கால்சியம் ஆக்சலேட் வெள்ளையாக இறங்கும். வடிகட்டியதும் அதில் ஒட்டியிருக்கிற குளோரைடும் மக்னீசியமும் போகக் கழுவ வேண்டும். சிக்கல் இங்கேதான்.

முதலில் வடிநீர். கால்சியம் ஆக்சலேட் கரையவே கரையாது என்பதில்லை. [Ca²⁺][C₂O₄²⁻] பெருக்கம் சுமார் 2.3 × 10⁻⁹ ஆகும் வரை கரையும். சுத்தத் தண்ணீரில் இரண்டு அயனியும் உப்பிலிருந்தே வர வேண்டியிருப்பதால், லிட்டருக்கு 4.8 × 10⁻⁵ மோல் கரைந்த பிறகுதான் நிற்கும். 200 மில்லி விட்டுக் கழுவினால் சுண்ணாம்புக்கல் கணக்கில் சுமார் 1 மில்லிகிராம் போகும். எடுத்த கல் 0.2 கிராம்தான், ஆகவே அரை சதவீதம் காலி. தண்ணீர் வடிதாளில் வேகமாக இறங்கிவிடும் என்பதால் இது உச்சவரம்பு. ஆனால் சூடான தண்ணீர் விட்டால் வரம்பே ஏறிவிடும்.

அடுத்து 0.1 சதவீத அம்மோனியம் ஆக்சலேட். அதில் லிட்டருக்கு 0.007 மோல் ஆக்சலேட் ஏற்கனவே இருக்கிறது. உப்பிலிருந்து கால்சியம் பிரிந்துகொண்டேதான் இருக்கும். அதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் பிரிந்த கால்சியத்தைச் சுற்றி எங்கும் ஆக்சலேட் என்பதால் அது திரும்பி வந்து படிவது கூடுகிறது. போவதும் வருவதும் சரிசமமாகும்போது பெருக்கம் அதே 2.3 × 10⁻⁹தான். ஆக்சலேட்டின் பங்கு 0.007 என்று ஆகிவிட்டதால், கால்சியத்துக்கு மிஞ்சுவது 3.3 × 10⁻⁷ மட்டும். வடிநீரோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட 150 மடங்கு குறைவு. இங்கே பலரும் கரைதிறன் பெருக்கமே குறைந்துவிட்டது என்று எழுதுவார்கள். அது மாறவில்லை, கரைதிறன்தான் குறைந்தது.

அதே மோல் செறிவுள்ள கால்சியம் குளோரைடு கரைசலில் கழுவினாலும் இதே அளவுதான் கரையும், அதுவும் பொது அயனிதானே. ஆனால் எதை அளக்கப் போகிறோமோ அதையே அள்ளிப் போட்டதாகிவிடும். சோடியம் ஆக்சலேட்டும் ஒத்துவராது, சுட்டால் சோடியம் கார்பனேட்டை விட்டுவிட்டுப் போகும். அம்மோனியம் ஆக்சலேட் சூட்டில் சிதைந்து முழுக்கக் காற்றில் போய்விடுகிறது. அதனால்தான் வீழ்படிவை 500 டிகிரி வாக்கில் சுட்டுக் கால்சியம் கார்பனேட்டாக நிறுப்பவர்களுக்கு அது கச்சிதமான தேர்வு.

பெர்மாங்கனேட்டால் தரம் பார்ப்பவர்களுக்குக் கதை வேறு. அவர்கள் கால்சியத்தை நேரடியாக அளப்பதில்லை. வீழ்படிவைச் சூடான கந்தக அமிலத்தில் கரைத்து, ஆக்சலேட்டைத்தான் அளக்கிறார்கள். கழுவிய கரைசலில் 2 மில்லி வடிதாளில் தங்கிவிட்டால் 0.014 மில்லிமோல் ஆக்சலேட் கூடுதல். கல்லின் கணக்கில் அது 1.4 மில்லிகிராம், அதாவது 0.7 சதவீதம் ஏற்றம். தண்ணீர் கரைத்துக்கொண்டு போயிருக்கக்கூடிய அரை சதவீதத்தைக் காப்பாற்றப் போய் அதைவிடப் பெரிய பிழையை வாங்கிக்கொள்வதாகும்.

நான் சிபாரிசு செய்வது இரண்டையும் சேர்த்த வழி. கழுவலில் பெரும்பகுதியை ஆக்சலேட் கரைசலில் முடித்துவிட்டு, கடைசியில் மட்டும் ஐஸ்போலக் குளிர்ந்த வடிநீரை 10 மில்லி வீதம் மூன்று தடவை விடுங்கள். 30 மில்லியில் போவது அதிகபட்சம் 0.14 மில்லிகிராம், 0.07 சதவீதம்தான். ஒவ்வொரு தடவையும் முந்தையதை முழுக்க வடியவிடுங்கள். கடைசியாக வடிதாளிலிருந்து இறங்கும் நீரில் கொஞ்சம் பிடித்து, கால்சியம் குளோரைடு ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். கலங்கினால் ஆக்சலேட் இன்னும் இருக்கிறது, இன்னொரு தடவை விட வேண்டும். குழாய்த் தண்ணீரோ போர் தண்ணீரோ இதற்கு ஆகாது, அதிலேயே கால்சியம் இருக்கும். போர் தண்ணீரில் அம்மோனியம் ஆக்சலேட்டைக் கரைத்தாலே கரைசல் வெள்ளையாகக் கலங்குவதைக் கண்ணால் பார்க்கலாம்.

கழுவுகிற கரைசல் அமிலமாக இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு பொய்க்கும். ஆக்சலேட்டில் ஒரு பகுதி HC₂O₄⁻ ஆகிவிடும். பெருக்கத்தில் வருவது C₂O₄²⁻ மட்டுந்தான். எவ்வளவு ஆக்சலேட் போட்டும் வீழ்படிவு குறைகிறது என்றால், முதலில் மெத்தில் ரெட் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சிவப்பு தெரிந்தால் அம்மோனியா போதவில்லை.